கதவைத் திறந்தது யார், எதற்காக? ஃபயர்வால் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள்

திண்டுக்கல்லைச் சுற்றி, வேடசந்தூர் சாலை நூற்பாலைகளிலிருந்து ஊருக்குள் இருக்கும் சின்ன மருத்துவமனைகள் வரை, நான் வேலைக்குப் போகும் இடங்களில் எல்லாம் ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஃபயர்வாலில் ஒரு ரூலைக் காட்டி "இது எதுக்கு?" என்று கேட்டால், "அண்ணே, யார் போட்டதுன்னு தெரியல. எடுத்தா எது நிக்குமோன்னு பயமா இருக்கு" என்கிறார்கள். அந்தப் பயத்தில் எதையும் எடுப்பதில்லை. புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் மேலே ஒரு ரூலைச் சேர்த்துவிடுகிறார்கள்.

ஒரு நூற்பாலையில் நான் பார்த்த பட்டியலைச் சுருக்கித் தருகிறேன். முகவரிகளை மாற்றியிருக்கிறேன்.

```
1 allow any             -> 192.168.10.5  tcp 3389
2 allow 192.168.10.0/24 -> any           any
3 deny  192.168.10.40   -> any           any
4 allow any             -> 192.168.10.40 tcp 8000
5 allow 203.0.113.18    -> 192.168.10.5  tcp 3389
6 deny  any             -> any           any
```

5 என்று முடியும் முகவரி டேலி ஓடும் சர்வர். 40 என்பது கேமரா பதிவுப் பெட்டி. 3389 ரிமோட் டெஸ்க்டாப்புக்கான போர்ட். 2020 ஊரடங்கில் கணக்கர் வீட்டிலிருந்து வேலை பார்க்க 1-ஆம் ரூல் போடப்பட்டது. பிறகு "ஆடிட்டர் அலுவலகத்துக்கு மட்டும் திறந்தால் போதும்" என்று முதலாளி சொல்ல, 5-ஆம் ரூலைச் சேர்த்தார்கள். 1-ஐ யாரும் எடுக்கவில்லை.

இந்த வகை ஃபயர்வால் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் ரூலோடு நின்றுவிடும். கீழே என்ன எழுதியிருந்தாலும் அது கண்ணில் படாது. ஆகவே ஆடிட்டருக்கு மட்டும் என்று எழுதிய 5-ஆம் ரூல் 1-இன் நிழலில் கிடந்தது. பூட்டிவிட்டோம் என்று முதலாளி நம்பியிருந்த நாளெல்லாம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த சர்வரின் உள்நுழைவுத் திரை வரை வர முடிந்தது. 3-ஆம் ரூலும் அப்படித்தான். கேமரா பெட்டி வெளியே பேசக் கூடாது என்பது அதன் நோக்கம். ஆனால் 2-ஆம் ரூல் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஏற்கெனவே வெளியே விட்டுவிடுகிறது.

நிழலில் கிடக்கும் ரூலைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். ஒவ்வொரு ரூலுக்கும் மேலே இருப்பவற்றைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். இதன் மூல முகவரி மேலுள்ளதற்குள் அடங்குகிறதா? சேருமிடம் அடங்குகிறதா? புரோட்டோகாலும் போர்ட்டும் அடங்குகின்றனவா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் கீழே இருப்பது செத்த ரூல். ஆனால் உங்கள் பெட்டி எந்த முறையில் படிக்கிறது என்பதை அதன் கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபயர்வால் வரிசை பார்ப்பதில்லை. அங்கே தடுக்கும் ரூல்தான் பொதுவாக ஜெயிக்கும்.

இங்கேதான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். ஒவ்வொரு ரூலும் எத்தனை முறை பொருந்தியது என்று ஃபயர்வால் எண்ணி வைத்திருக்கும். லினக்ஸ் பெட்டி என்றால் இந்தக் கட்டளை காட்டும்:

```
iptables -L FORWARD -v -n --line-numbers
```

அந்த நூற்பாலையில் 5-ஆம் ரூலின் எண்ணிக்கை பூஜ்யம். அதைப் பார்த்து "பயன்படாத ரூல்" என்று அழிக்கப் போனார் அங்கிருந்த தம்பி. நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அழிக்க வேண்டியது பூஜ்யம் காட்டிய 5 இல்லை, ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த 1. பூஜ்யம் என்றால் தேவையில்லை என்று அர்த்தமில்லை. மேலே இருக்கும் ரூல் அதன் வேலையைப் பறித்திருக்கலாம்.

திறந்த போர்ட்டை அலுவலக வைஃபையில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். உள்ளேயிருந்து பார்த்தால் வெளிப்பக்கம் தெரியாது. மடிக்கணினியை மொபைல் டேட்டாவில் இணைத்து, உங்கள் சொந்தப் பொது முகவரியை மட்டும் சோதியுங்கள்:

```
nmap -Pn -p 3389,8000 உங்கள்-பொது-முகவரி
```

`open` என்று வந்தால் வெளியே தெரிகிறது. `filtered` என்றால் ஃபயர்வால் பதில் சொல்லாமல் விடுகிறது. 3389-ஐ 3390 ஆக மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். போர்ட்டுகளைத் துழாவும் நிரல்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெளியிலிருந்து வருபவர் விபிஎன் வழியாக மட்டும் வரட்டும். முதலாளி போனில் கேமரா பார்ப்பதற்கும் அதே வழிதான்.

கேமராப் பெட்டியும் டேலி சர்வரும் ஒரே சுவிட்சில், ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், அவை இரண்டும் தங்களுக்குள் பேசுவது ஃபயர்வாலுக்குத் தெரியவே தெரியாது. எத்தனை நல்ல ரூல் எழுதினாலும் பயனில்லை. 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடக்கப்பட்டு, பல நாள் எல்லாம் கைப்பட எழுதி நடந்தது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

இனி பதிவேடு. ஆலை வாசலில் ஒரு பஞ்சு லாரி நுழைந்தால் வண்டி எண், நேரம், யாரைப் பார்க்க என்று காவலாளி எழுதுகிறார். சர்வருக்குள் நுழையும் வழிக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு ரூலுக்கும் எதற்காக, யார் கேட்டது, யார் போட்டது, எந்தத் தேதி, எப்போது மறுபடி பார்ப்பது என்று ஐந்து விவரம் எழுதுங்கள். ஃபயர்வாலிலேயே குறிப்பு எழுத இடம் இருக்கும். காலியாக விடாதீர்கள். கேட்டவர் வேலையை விட்டுப் போயிருந்தால், இன்று அந்த வேலையைப் பார்ப்பவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் முன்வராத ரூலை முடக்குங்கள்.

முடக்குங்கள் என்றுதான் சொல்கிறேன், அழிக்கச் சொல்லவில்லை. முதலில் முழு அமைப்பையும் பேக்கப் எடுங்கள். முடக்கும் முன் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி ஒரு முழு மாதம் கவனியுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் நாட்களும் சம்பள நாளும் அதற்குள் வர வேண்டும். ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். முடக்கப்போகும் ரூல் வழியாகவே உள்ளே வந்து அதை முடக்காதீர்கள், வெளியே நின்றுவிடுவீர்கள். ஏற்கெனவே ஓடும் இணைப்பு முடக்கிய பிறகும் அறுபடாமல் இருக்கலாம். அதனால் புதிதாக இணைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் வேலை செய்யும் ரூலும் இருக்கும். அதனால் சந்தேகமானதை மார்ச் தாண்டும் வரை முடக்கியபடியே வைத்திருங்கள்.

யாரோ ஏற்கெனவே நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் சர்வரை ஃபார்மட் செய்யாதீர்கள். நெட்வொர்க் வயரை மட்டும் பிடுங்குங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி, கவனித்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். மின்னஞ்சல் incident@cert-in.org.in, கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-4949. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐயும் அழையுங்கள். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். சின்ன ஃபயர்வால்களில் மின்சாரம் போனால் பதிவும் போய்விடக்கூடும். வேறொரு கணினிக்கு அனுப்பிச் சேமிக்க இன்றே ஏற்பாடு செய்யுங்கள். பதிவு இல்லாமல் புகார் கொடுத்தால் கேட்கிற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

அந்த நூற்பாலையில் முதலில் ஆடிட்டரிடம் அவருடைய முகவரி மாறவில்லை என்று உறுதிசெய்துகொண்டு 1-ஆம் ரூலை முடக்கினோம். 3-ஐ 2-க்கு மேலே தூக்கினோம். விபிஎன் ஓடத் தொடங்கியதும் 4-ஐ முடக்கினோம். அடுத்து ஆடிட்டரையும் விபிஎன்னுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். 1-ஐ முடக்கிய மறுநாள் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து இணைத்தார்கள். 5-ஆம் ரூலின் எண்ணிக்கை போட்ட நாளிலிருந்து முதல் முறையாகப் பூஜ்யத்தை விட்டு நகர்ந்தது. தம்பி பதிவேட்டில் அதற்கு நேரே நோக்கத்தையும் தேதியையும் எழுதினார்.