சத்தமின்றி இறுகும் பித்தநாளங்கள்

கல்லீரல் சுரக்கும் பித்தநீர், அதனுள்ளே மரக்கிளைகள் போலப் பரவிய நுண்குழாய்களில் சேர்கிறது. அந்தக் குழாய்கள் வலது, இடது என இரண்டு பெருங்கிளைகளாகின்றன. பிறகு அவை ஒன்றுகூடி, பொதுப் பித்தநாளமாகச் சிறுகுடலில் இறங்குகின்றன. இந்தக் குழாய்ச் சுவர்களில் அழற்சி உண்டாகி, அது ஆறிய இடங்களில் தழும்பு விழுந்து, தழும்பு இறுக இறுகக் குழாய் ஆங்காங்கே ஒடுங்கிப்போகும் நோய்க்கு 'பிரைமரி ஸ்கிளீரோசிங் கொலாஞ்சைட்டிஸ்' என்று பெயர். மருத்துவமனைகளில் சுருக்கமாக பிஎஸ்சி என்பார்கள்.

இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்குக் குடல் அழற்சியும் இருக்கிறது. பெரும்பாலும் அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண். திருப்பிப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. கொலைட்டிஸ் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கே பித்தநாளம் பாதிக்கப்படுகிறது. நோயாளிகளில் ஆண்களே அதிகம். பலருக்கு நாற்பது வயதுக்குள் நோய் தெரியவருகிறது. மரபணு, நோய் எதிர்ப்பாற்றலின் தடுமாற்றம், குடல் கிருமிகள் என்று காரணங்கள் பேசப்பட்டாலும் எதுவும் முடிவாகவில்லை. பெருங்குடலையே அறுவை செய்து எடுத்துவிட்டாலும் பித்தநாள நோய் தன்போக்கில் தொடர்கிறது என்பதுதான் இதில் பெரிய புதிர்.

நோய் எப்படிப் பிடிபடுகிறது என்பதை 26 வயது இளைஞர் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். ஐந்து ஆண்டுகளாகக் கொலைட்டிஸ், மெசலமின் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. வயிற்றுவலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, வேலைக்குப் போய்வருகிறார். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் சரியாக இருக்க, ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் 410 என்று வருகிறது. அவருடைய ஆய்வகத்தில் இயல்பின் மேல் எல்லை 120. இந்த நொதி எலும்பிலிருந்தும் வரும். வளரும் பிள்ளைகளுக்கு அது கூடுதலாகவே இருக்கும். எனவே ஜிஜிடி என்னும் இன்னொரு நொதியையும் பார்க்கிறார்கள். அதுவும் ஏறியிருந்தால் பழி எலும்பின் மேல் இல்லை, பித்தவழியின் மேல்தான்.

அடுத்து அல்ட்ராசவுண்ட். பித்தக்கல் இல்லை, பெரிய அடைப்பு இல்லை, ஏறக்குறைய இயல்பான படம். பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் நோய் தப்பிவிடுகிறது. பித்தநாளத்தின் உள்வடிவத்தைக் காட்டுவது எம்ஆர்சிபி என்னும் எம்ஆர்ஐ படம். கதிர்வீச்சு இல்லை, உடலுக்குள் குழாய் எதையும் செலுத்த வேண்டியதில்லை. நம் இளைஞரின் படத்தில் குழாய் ஓரிடத்தில் ஒடுங்கி, அடுத்த இடத்தில் சற்று விரிந்து, மீண்டும் ஒடுங்கி, நூலில் கோத்த மணிகள் போலத் தெரிகிறது. கொலைட்டிஸ் உள்ளவரிடம் இந்த மணிமாலைத் தோற்றமும் அந்த ரத்த முடிவும் சேர்ந்தால் போதும். கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுக்கத் தேவையில்லை. படம் இயல்பாக இருந்தும் சந்தேகம் நீடித்தால் மட்டுமே பயாப்சி. மிக நுண்ணிய குழாய்கள் மட்டும் பாதிக்கப்படும் வகை ஒன்று உண்டு. அது படத்தில் தெரியாது. ஐஜிஜி4 என்னும் புரதத்தையும் ஒருமுறை அளந்துவிடுவார்கள். அது மிகுந்திருந்தால், பார்வைக்கு இதே போலிருந்தாலும் ஸ்டீராய்டுக்கு நன்கு இறங்கிவரும் வேறொரு நோயாக இருக்கலாம்.

தழும்பு விழுவதைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. உர்சோடியாக்சிகோலிக் அமிலம் ரத்த அளவுகளைக் குறைக்கிறது, ஆயுளை நீட்டியதாகக் காட்டப்படவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் என்ற உயர் அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் தீங்கே கூடியது. 2009இல் அந்த முடிவு வெளியானபின் அந்த அளவு கைவிடப்பட்டது. ஆகவே மருத்துவத்தின் பெரும்பகுதி கண்காணிப்பாகவே அமைகிறது.

அதில் முதலிடம் கொலனோஸ்கோபிக்கு. பிஎஸ்சி உள்ளவரின் கொலைட்டிஸ் பெருங்குடல் முழுவதும் பரவியிருக்கும், ஆனால் தொல்லை குறைவு. வயிறு அமைதியாக இருப்பதால் குடல் நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் குடல் புற்றுநோய் அபாயம், கொலைட்டிஸ் மட்டும் உள்ளவரைவிட இவருக்குப் பல மடங்கு அதிகம். பொதுவாகக் கொலைட்டிஸ் தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்தே புற்றுநோய்க்கான கொலனோஸ்கோபி தொடங்கும். இவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பிஎஸ்சி தெரிந்த நாளிலிருந்தே ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை.

அடுத்த அச்சம் பித்தநாளப் புற்றுநோய். வாழ்நாளில் நூறில் பத்துப் பதினைந்து பேருக்கு அது வரலாம் என்பது கணக்கு. இதற்காக ஆண்டுதோறும் எம்ஆர்சிபி எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். ஒடுக்கம் இருப்பதைவிட, அது போன ஆண்டைவிட மாறியிருப்பதுதான் முக்கியம். பழைய படங்களைப் பத்திரப்படுத்த வேண்டிய காரணம் இதுவே. கூடவே பித்தப்பையில் பாலிப் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றவர்களுக்குப் பத்து மில்லிமீட்டர் வரை பொறுக்கும் பாலிப்பை, இவருக்கு எட்டிலேயே பித்தப்பையோடு எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

சிஏ 19-9 என்னும் ரத்தப் பரிசோதனையைப் பலர் புற்றுநோய்த் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அந்தத் தகுதி இல்லை. பித்தநாளத்தில் கிருமித்தொற்று வந்தாலே அது எகிறும். மக்களில் ஒரு சிறு பகுதியினரின் உடலோ அதை உற்பத்தியே செய்வதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள் நடக்கும். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபைப்ரோஸ்கேன் சொல்லும். அடைப்பு மிகுந்த நேரத்தில் விறைப்பு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். எலும்பு அடர்த்தியை நோய் தெரிந்தவுடனும், பிறகு சில ஆண்டு இடைவெளிகளிலும் அளப்பார்கள்.

அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக்கூடாத சூழலும் உண்டு. குளிர்க்காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, கண் மஞ்சளாதல் மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத்தில் கிருமித்தொற்று என்று கொண்டு உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். புதிதாக மஞ்சள் காமாலையோ, தாங்கமுடியாத அரிப்போ, எடைக்குறைவோ வந்தால் பெருங்குழாய் ஒன்றில் இறுக்கமான ஒடுக்கம் விழுந்திருக்கலாம். அப்போதுதான் ஈஆர்சிபி. வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, ஒடுக்கத்தைச் சிறு தூரிகையால் சுரண்டி, உயிரணுக்களைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பலூனால் விரித்துவிடுவார்கள். தூரிகையில் புற்றணு சிக்கவில்லை என்பதால் புற்றுநோய் இல்லை என்றாகிவிடாது. தழும்புத் திசுவில் அது எளிதில் அகப்படுவதில்லை. இந்தச் செயல்முறையே கணைய அழற்சியையும் கிருமித்தொற்றையும் கொண்டுவரக்கூடும் என்பதால், வெறுமனே பார்ப்பதற்காக இப்போது யாரும் இதைச் செய்வதில்லை.

அமெரிக்கக் கால்பந்து வீரர் வால்டர் பேட்டன் தமக்கு பிஎஸ்சி இருப்பதை 1999 பிப்ரவரியில் அறிவித்தார். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருந்த காலத்தில் பித்தநாளப் புற்றுநோய் தெரியவந்தது. அதனால் மாற்று அறுவைக்கு வழியில்லாமல் போனது. அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். அதே நோய்க்கு 2000இல் கல்லீரல் மாற்று செய்துகொண்ட கிறிஸ் குளுக், 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

கல்லீரல் செயலிழக்கும்போதும், தொற்று அடங்காமல் திரும்பத் திரும்ப வரும்போதும் மாற்று அறுவை பேசப்படும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பத்தில் எட்டுப் பேர் உயிருடன் இருக்கிறார்கள். புதிய கல்லீரலின் பித்தநாளங்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதே தழும்பு மீண்டும் விழுகிறது. பெருங்குடல் பழையதாகவே இருப்பதால், ஆண்டுதோறும் கொலனோஸ்கோபி மாற்று அறுவைக்குப் பின்னும் நிற்பதில்லை.