ஷூவுக்குள் நிற்காத ஈரம்

கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகளில், முனையில் இரும்புக் கவசம் வைத்த ஷூ போடாமல் பல இடங்களுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. சிதம்பரத்தில் காவல் பணியில் இருப்பவர்கள், மருத்துவமனை ஊழியர்கள், ஏடிஎம் வாசலில் நிற்கும் காவலாளிகள் எல்லோருக்கும் நாள் முழுவதும் மூடிய ஷூதான். ஷிஃப்ட் முடிந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் அரிப்பு பொறுக்க முடியாமல் போகும். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து ஊறிப்போயிருக்கும். நகத்தால் லேசாகத் தொட்டாலே உரிந்து வரும், அடியில் சிவந்த ஈரத் தோல் தெரியும். இதைப் பலரும் சேற்றுப்புண் என்று சொல்லி, மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை அதே ஷூவுக்குள் கால் போகிறது.

பெரும்பாலும் இது அந்த இடுக்கில்தான் தொடங்குகிறது. ஐந்து விரல்களில் கடைசி இரண்டும்தான் மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. ஷூவின் முனை அவற்றை இன்னும் நெருக்குகிறது. பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். அந்த வியர்வை காற்றுப்படாமல் தேங்கும்போது தோலின் மேலடுக்கு தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. அந்த மேலடுக்கு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ட்ரைக்கோஃபைட்டன் வகைப் பூஞ்சைக்குக் கெரட்டின்தான் சாப்பாடு. நொதியைச் சுரந்து அதைக் கரைத்து, நூல் நூலாகத் தோலுக்குள் படர்கிறது. காய்ந்த தோலில் தடுமாறும் பூஞ்சைக்கு, ஊறிய தோலில் ஒரு தடையும் இல்லை.

கதை அதோடு முடிவதில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் லெய்டனும் கிளிக்மனும் 1970-களில் இந்த விரலிடுக்கை ஆராய்ந்து, அங்கே இரண்டு கட்டங்கள் இருப்பதைக் காட்டினார்கள். முதலில் பூஞ்சை தனியாகத் தோலை உரிக்கிறது; அப்போது வறண்ட செதிலும் கொஞ்சம் அரிப்பும்தான் இருக்கும். ஈரம் கூடக் கூட, பூஞ்சை திறந்துவிட்ட வழியில் பாக்டீரியா பெருகுகிறது. தோல் வெள்ளையாகக் கூழாவதும், நாற்றமும், வலியும் அதற்குப் பிறகு வருபவை. அந்த நிலையில் சுரண்டி எடுத்துப் பார்த்தால் பூஞ்சை கண்ணில் படாமலே போகலாம். ஆரம்பத்தில் பூஞ்சை மருந்துக்குக் கேட்கிற புண், நாற்றமெடுத்த பிறகு அதற்கு மட்டும் கேட்காமல் போவதன் காரணம் இதுதான்.

இந்த இடத்தில்தான் மருந்துக்கடை வருகிறது. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். "அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்கிறார். ஒரு டியூப் கைக்கு வருகிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் திரும்பி வருகிறது. மறுபடி அதே டியூப். இரண்டு மாதத்தில் அது பாதத்தின் விளிம்புக்கும், பிறகு தொடையிடுக்குக்கும் பரவுகிறது. அந்த டியூபில் பூஞ்சை மருந்து இருந்தது உண்மை. கூடவே க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அணைத்துவிடும், ஆனால் பூஞ்சையை எதிர்த்து நிற்கும் உடம்பின் காவலையும் சேர்த்தே அணைத்துவிடும். படையின் வழக்கமான வட்ட விளிம்பு கலைந்துபோவதால், பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. தோல் மெலிந்து, தொடையில் கோடு கோடாக வரி விழுந்தால் அது ஆயுளுக்கும் மறையாது.

இந்திய தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் பேசிவருகிறது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலின் கீழ்க் கொண்டுவந்தது. அதாவது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. இன்றும் கேட்டால் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. அதனால் வாங்குகிறவர்தான் டியூபைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. சேர்மானப் பட்டியலில் மேலே சொன்ன பெயர்களோ, 'சோன்' என்று முடியும் வேறு பெயரோ இருந்தால் கால் விரலுக்கு அது வேண்டாம். பில் கேட்டு வாங்குவது நுகர்வோரின் உரிமை. சீட்டில்லாமல் விற்றதைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கவும் அந்த பில்தான் சாட்சி.

சரியான வைத்தியம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். தோல் மருத்துவர் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட நூல்கள் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக உள்ள இடத்தில் தோல் பிரிவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகவே போகலாம்.

ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசால் பூச்சு என்றால் பொதுவாகத் தினம் இரண்டு வேளை, நான்கு வாரம். டெர்பினாஃபின் என்றால் குறைந்த நாட்களே போதும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அந்த மருந்துக்கு மசியாத பூஞ்சை இந்தியாவில் பரவியிருப்பதால், குறையவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் திரும்பிப் போவது நல்லது. அரிப்பு நின்ற அன்றே பூச்சை நிறுத்துவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. தோல் பார்வைக்குச் சரியான பின்னும் ஒரு வாரமாவது பூச வேண்டும். பூசுவதற்கு முன் இடுக்கைத் துணியால் ஒற்றி முழுதாகக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் களிம்பு தடவினால் இன்னும் ஊறும். அந்தத் துணியால் உடம்பின் வேறு இடத்தைத் துடைக்கக் கூடாது. காலையில் உள்ளாடைக்கு முன்பே சாக்ஸை மாட்டிக்கொண்டால், பாதத்துப் பூஞ்சை துணியில் ஒட்டித் தொடையிடுக்குக்கு ஏறாது.

உதிர்ந்த தோல் செதிலோடு பூஞ்சையின் வித்துகள் ஷூவுக்குள் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரே ஷூவை ராத்திரி மட்டும் காயவைத்தால் போதாது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது காயவே காயாது. முடிந்தவர்கள் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடலாம். சாக்ஸைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவைப்பது அவசியம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது சின்ன விஷயமே அல்ல. விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி, கால் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். யானைக்கால் நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் இதே இடுக்குதான் பல நேரம் வாசல். ஆலப்புழையில் நடந்த ஆய்வுகளில், தினமும் காலைக் கழுவித் துடைத்துப் பராமரித்தவர்களுக்கு அந்தக் காய்ச்சல் குறைந்தது.

தொழிலாளி மட்டும் கவனமாக இருந்தால் போதாது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு கை கால் கழுவ வசதியும், 43-ஆம் பிரிவு உடைகளை வைக்கவும் நனைந்த துணியைக் காயவைக்கவும் இடமும் பற்றிப் பேசின. அதன் இடத்துக்கு வந்த, 2020-இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை நலவசதிகளாக இடம்பெற்றிருக்கின்றன. மழையில் நனைந்த சாக்ஸோடு ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டியிருக்கிற ஆலையில், காயவைக்க ஓர் இடம் கேட்பது சலுகை கேட்பதல்ல. மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேட்டு, பதில் இல்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்.