மூலம் போன பிறகு மின்சுற்று என்ன செய்யும்?

1842-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி, லெய்டன் ஜாடியில் சேர்ந்திருந்த மின்னூட்டத்தைக் கம்பிச்சுருள் வழியே வெளியேற்றி, எஃகு ஊசிகள் எப்படிக் காந்தமாகின்றன என்று பார்த்தார். மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்து முடிகிறது என்றால் ஊசியின் வடமுனை எப்போதும் ஒரே பக்கம் வர வேண்டும். சில வேளை அது மறுபக்கம் வந்தது. மின்னோட்டம் முன்னும் பின்னுமாக அலைந்தே அடங்குகிறது என்று ஹென்றி முடிவுக்கு வந்தார். எப்போது அலையும், எந்த வேகத்தில் அலையும் என்பதை 1853-இல் கணக்கில் கொண்டுவந்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன்.

அந்தக் கணக்கை இன்றைய குறியீடுகளில் போட்டுப் பார்ப்போம். 10 மில்லிஹென்றி மின்தூண்டி, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, ஒரு மின்தடை R ஆகிய மூன்றும் ஒரே வளையத்தில் தொடராக இருக்கின்றன. மின்தேக்கியில் ஏற்கெனவே மின்னூட்டம் இருக்கிறது. மின்மூலம் எதுவும் இல்லை. ஆகவே வளையத்தைச் சுற்றி மூன்றின் மின்னழுத்தங்களையும் கூட்டினால் சுழிதான் வர வேண்டும். மின்னோட்டத்தின் வடிவம் நமக்குத் தெரியாது. ஆனால் வகைப்படுத்தினாலும் தொகைப்படுத்தினாலும் வடிவம் மாறாத சார்பு ஒன்று உண்டு: A e^(st). அதையே விடையாக வைத்துப் பார்க்கலாம். மின்தூண்டியின் மின்னழுத்தம் sL மடங்காகவும், மின்தேக்கியுடையது 1/(sC) மடங்காகவும், மின்தடையுடையது R மடங்காகவும் கிடைக்கும்:

(sL + R + 1/(sC)) · A e^(st) = 0

A சுழி என்றால் மின்னோட்டமே இல்லை. அந்த விடை நமக்கு வேண்டாம். e^(st) ஒருபோதும் சுழியாகாது. மிஞ்சுவது அடைப்புக்குள் இருப்பதுதான். அதைச் சுழியாக்கி ஒழுங்குபடுத்தினால் வருவது சிறப்பியல்புச் சமன்பாடு:

s² + (R/L)s + 1/(LC) = 0

இதன் மூலங்களே சுற்றின் இயல் அதிர்வெண்கள். தொடக்கத்தில் மின்தேக்கியில் எத்தனை வோல்ட் இருந்தது என்பதற்கு இதில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது அலையின் உயரத்தைத்தான் தீர்மானிக்கும்.

R = 120 ஓம் என்று வைத்தால் s² + 12000s + 10⁸ = 0. மூலங்கள் −6000 ± j8000. மெய்ப்பகுதி அடங்கும் வேகம். கற்பனைப் பகுதி நொடிக்கு 8000 ரேடியன் என்ற அலைவு வேகம், அதாவது சுமார் 1273 ஹெர்ட்ஸ். R 200 ஓம் ஆகும்போது இரு மூலங்களும் −10000 என்ற ஒரே இடத்தில் கூடுகின்றன. அலைவு அத்தோடு சரி.

இனி R-ஐ 250 ஓமாக உயர்த்துவோம். தடை கூடினால் இன்னும் விரைவில் அடங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மூலங்களோ −20000, −5000. ஒன்று வேகமாக மறைந்துவிடும். மற்றது முன்பைவிட மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும். பெரிய தடை வழியே மின்தேக்கியால் சட்டென வடிய முடியாததே காரணம். மெதுவான மூலத்தின் காலம் 1/5000 நொடி, அதாவது 200 மைக்ரோநொடி. RC பெருக்கல் 250 மைக்ரோநொடி. தடையை மேலும் கூட்டக் கூட்ட இவ்விரண்டும் ஒப்பளவில் நெருங்கிவரும். மின்தூண்டி பெயருக்குத்தான் இருக்கும்.

பல வளையங்கள் உள்ள சுற்றிலும் முறை இதுவே. வளையத்துக்கு ஒரு சமன்பாடு எழுதி, கெழுக்களின் அணிக்கோவையைச் சுழியாக்க வேண்டும். R, L, C மட்டுமே உள்ள சுற்றில் ஏதேனும் மூலத்தின் மெய்ப்பகுதி நேர்க்குறியில் வந்தால், மின்னோட்டம் தானாகவே வளர்வதாகப் பொருள். அப்படி நடக்காது, எங்கோ குறி தவறியிருக்கிறது.

மின்மூலம் உள்ள சுற்றில் இயல் அதிர்வெண்களைக் காணும்போது மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம், அந்த மின்மூலத்தை நீக்குவதுதான். மின்னழுத்த மூலத்தைச் சுழியாக்குவது என்றால் அந்த இடத்தில் வெறும் கம்பியைப் போடுவது. மின்னோட்ட மூலம் என்றால் அந்த இடத்தைத் திறந்துவிடுவது. நம் வளையத்தில் மின்னழுத்த மூலம் ஒன்று தொடராக இருந்து, கம்பி போடாமல் அதைக் கழற்றி எடுத்துவிட்டால் வளையமே அறுந்துபோகும். மேலே எழுதிய சமன்பாடு அந்தச் சுற்றுக்குப் பொருந்தாது.

ஆய்வகத்தில் இதே சுற்றை R இல்லாமல் அமைத்தாலும் அலை அடங்கத்தான் செய்யும். அலைக்காட்டித் திரையில் அடுத்தடுத்த உச்சங்களை அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் சுமார் 73 விழுக்காடு என்றும், இடைவெளி 0.63 மில்லிநொடி என்றும் வந்தால், மெய்ப்பகுதியின் அளவு ln(1/0.73) ÷ 0.00063, ஏறக்குறைய 500. அது R/(2L). ஆக R சுமார் 10 ஓம். அதில் பெரும்பகுதி மின்தூண்டியில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பியின் தடையாகவே இருக்கும்.