போலி பி.சி.சி.யால் வரும் வினை

குவைத்துக்கு வேலைக்குப் போகிறவரிடம் கேட்கப்படும் பி.சி.சி., அதாவது காவல்துறை நற்சான்று, அவர்மீது இந்தியாவில் குற்றப் பதிவு இல்லை என்று இந்திய அரசு அந்த நாட்டுக்குச் சொல்லும் சொல். இதைத் தருவது பாஸ்போர்ட் அலுவலகம். காவல்துறை விசாரித்து அறிக்கை மட்டும் அனுப்பும். காவல் நிலைய முத்திரையுடன் ஏஜெண்ட் கொண்டுவரும் கடிதம் இதற்கு ஈடாகாது. உள்ளூர் வேலைக்காகத் தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் தரும் சரிபார்ப்புச் சான்றிதழ் உண்மையானதுதான் என்றாலும், அதுவும் வேறு வகை.

சான்றில் பாஸ்போர்ட் எண்ணும், எந்த நாட்டுக்காக வழங்கப்பட்டது என்பதும் இருக்கும். அதன் விவரங்கள் பாஸ்போர்ட் அலுவலகப் பதிவிலும் இருப்பதால், தூதரகமோ நிறுவனமோ விசாரித்தால் போலி நிற்காது. அரசு அலுவலர் தந்ததுபோல் சான்றிதழைப் போலியாகத் தயாரிப்பது பாரதிய நியாய சம்ஹிதையின் 337ஆம் பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். போலி என்று தெரிந்தே அதைக் காட்டுபவருக்கும் 340ஆம் பிரிவு அதே தண்டனையைத் தருகிறது. வேடிக்கை என்னவென்றால், அதுவரை எந்த வழக்கும் இல்லாதவர்மீது இப்போது ஒரு வழக்கு பதிவாகிறது. இனி அவர் முறைப்படி விண்ணப்பித்தாலும் அந்த வழக்கே குறுக்கே நிற்கும்.

பட்டுக்கோட்டையில் குடியிருக்கும் ஒரு வெல்டரை எடுத்துக்கொள்வோம். அவர் passportindia.gov.in தளத்தில் கணக்கு தொடங்கி, பி.சி.சி. விண்ணப்பத்தில் குவைத்தைத் தேர்ந்து, 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, நாள் குறித்துக்கொள்ள வேண்டும். (இதே சாயலில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் பல உண்டு; முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.) குறித்த நாளில் அசல் பாஸ்போர்ட், அதன் முதல், கடைசிப் பக்கங்களின் நகல், வேலை ஒப்பந்தம், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போக வேண்டும். காவல்துறை விசாரணை தேவைப்பட்டால் போலீசார் விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்கு வருவார்கள்.

பெரும்பாலும் சிக்கல் இந்த முகவரியில்தான் வருகிறது. திருப்பூரில் தங்கி வேலை செய்துகொண்டு ஊர் முகவரியைத் தந்தால், 'இங்கே வசிக்கவில்லை' என்று அறிக்கை போய் விண்ணப்பம் நின்றுவிடும். தற்போது வசிக்கும் இடத்தையே தர வேண்டும்.

பழைய அடிதடி வழக்கு இருப்பவர்கள்தான் போலியைத் தேடி ஏஜெண்டிடம் போகிறார்கள். வழக்கில் விடுதலையாகியிருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுத்து விளக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் குறுக்கு வழி கிடையாது. வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில்தான் அதை முடிக்க வேண்டும்.

இந்தியச் சான்று இந்தியாவுக்கு மட்டுமே பேசும். அந்த வெல்டர் முன்பு துபாயில் வேலை பார்த்திருந்து, அங்கிருந்த காலத்துக்கும் சான்று கேட்கப்பட்டால், அதை அந்நாட்டுக் காவல்துறையிடமே வாங்க வேண்டும்.