ம-வும் நி-யும் இருந்தால் போதும்

டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1953-ல் தந்த ‘சாட்டின் டால்’ ஜாஸ் படிக்கிறவர்கள் கையில் சீக்கிரமே வந்து சேரும் பாட்டு. அதன் முதல் எட்டு பார்களைப் புரிந்துகொண்டாலே ஜாஸ் ஹார்மனியின் பெரிய கதவு ஒன்று திறந்துவிடும்.

கீபோர்டில் C-யை ச என்று வையுங்கள். வெள்ளைக் கட்டைகள் அப்படியே சங்கராபரணம். இரண்டாம் ஸ்வரத்தில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கினால் ரி-ம-த-ச. இது Dm7. ஐந்தாவதிலிருந்து அடுக்கினால் ப-நி-ரி-ம, அதாவது G7. முதலாவதிலிருந்து ச-க-ப-நி, Cmaj7. இந்த மூன்றும் இதே வரிசையில் வருவதைத்தான் ‘டூ-ஃபைவ்-ஒன்’ என்கிறார்கள்.

மெதுவாக வாசித்து உள்ளே இருக்கும் இரண்டு ஸ்வரங்களை மட்டும் கவனியுங்கள். முதல் கார்டில் ம-வும் மேல் ச-வும் இருக்கின்றன. இரண்டாவதில் ம அசையாமல் நிற்க, ச அரை ஸ்வரம் இறங்கி நி ஆகிறது. மூன்றாவதில் நி நிற்க, ம அரை ஸ்வரம் இறங்கி க ஆகிறது. காது ‘வந்து சேர்ந்தாயிற்று’ என்று உணர்வது இந்தச் சின்ன இறக்கங்களால்தான்.

நடுக் கார்டின் தவிப்பு முழுவதும் ம, நி என்ற ஜோடியில் இருக்கிறது. கறுப்பையும் சேர்த்து எண்ணினால் இரண்டுக்கும் நடுவே ஆறு கட்டை தூரம். இதுதான் ட்ரைடோன். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு கட்டை என்பதால் இது சரிபாதி. நி-யிலிருந்து மேல் ம-வுக்கும் அதே ஆறுதான். அதனால் இந்த ஜோடி இரண்டு கார்டுகளுக்குச் சொந்தம். ஒன்று G7. மற்றது, ப-விலிருந்து ஆறு கட்டை தள்ளியிருக்கும் சுத்த ரிஷபத்தில் எழும் Db7: சுத்த ரி, ம, சுத்த த, நி.

G7 இருந்த இடத்தில் Db7-ஐ வைத்துப் பாருங்கள். ம-வும் நி-யும் தங்கள் வேலையை அப்படியே செய்யும். மாறுவது பேஸ்: ரி, சுத்த ரி, ச என்று கட்டை கட்டையாக வழுக்கி இறங்கும். ‘சாட்டின் டால்’ ஆறாவது பாரின் பின்பாதியில் நிற்பது இந்த Db7. ஏழாவது பாரில் Cmaj7 வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பாட்டிலேயே மிக அழகான இடம் அதுதான்.

எல்லா கார்டையும் இப்படி மாற்ற முடியாது. Dm7-க்குள்ளும் Cmaj7-க்குள்ளும் ஆறு கட்டை ஜோடியே கிடையாது. மெட்டையும் பார்க்க வேண்டும். அது அந்த இடத்தில் ப-வில் நின்றால் Db7-க்கு மேல் பளிச்சென்று ஒலிக்கும். ரி-யில் நீளமாக நின்றால் அடியிலுள்ள சுத்த ரிஷபத்தோடு உரசும். அப்போது G7-ஐயே வைத்துக்கொள்வது நல்லது.

பியானோக்காரர் Db7-க்குப் போய்விட, பேஸ் வாசிப்பவர் ப-விலேயே நின்றால்? குழப்பம் வராது. ப-வுக்கு மேல் சுத்த ரி-யும் சுத்த த-வும் சேர்ந்து G7-தான் இன்னும் காரமாகக் கேட்கும்.