வெளிநாட்டில் டாக்சி ஓட்டும்போது சிறு மோதலா? காப்புறுதி நிறுவனத்திடம் இந்த மூன்று ஆங்கிலச் சொற்களில் கவனம் தேவை

நம் நாட்டில் சாலையில் ஒரு சிறு மோதல் நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். விசாரணை அதிகாரி வந்து பார்ப்பார், வரைபடம் போடுவார். காப்புறுதி நிறுவனமும் அந்தப் போலீஸ் ஆவணங்களைத்தான் முதலில் கேட்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிலைமை வேறு. யாருக்கும் காயமில்லை, இரண்டு ஓட்டுநர்களும் அங்கேயே இருந்து பெயர், முகவரி, வண்டி விவரங்களைக் கொடுத்துவிட்டார்கள் என்றால், பொதுவாகப் போலீசுக்குப் போக வேண்டியதில்லை. அதனால் நடந்ததைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஓட்டுநருடையது. பெரும்பாலும் அது தொலைபேசியில் நடக்கும். பேச்சு பதிவு செய்யப்படும். அந்தப் பதிவில் இருக்கும் சொற்களே பிறகு சாட்சியாக நிற்கும்.

பேராக்கில் பிறந்து வளர்ந்து, இப்போது மெல்பர்னில் சொந்த டாக்சி ஓட்டும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளக்கில் நிற்கிறார். கால் பிரேக்கில் இருக்கிறது. ஐந்து விநாடி கழித்துப் பின்னால் வந்த கார் அவருடைய பின் பம்பரின் இடது மூலையில் இடிக்கிறது. பம்பர் விரிசல் விட்டு, ஒரு விளக்கு உடைகிறது. இருவரும் இறங்கி விவரங்களை மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் மறுநாள் அந்தக் கார்க்காரர் தம் காப்புறுதி நிறுவனத்திடம், "டாக்சிதான் பின்னால் உருண்டு வந்து என்னை இடித்தது" என்று சொல்லிவிடுகிறார்.

சிக்கல் இங்கேதான். பின்னால் வந்த கார் முன்னேறி இடித்தாலும், டாக்சி பின்வாங்கி இடித்தாலும் உடைவது அதே பம்பர்தான். மெதுவான மோதலில் சேதத்தின் படத்தை மட்டும் பார்த்து யார் நகர்ந்தார் என்று சொல்வது கடினம். டாக்சியில் கேமராப் பதிவு இல்லையென்றால், இரண்டு வாக்குமூலங்களில் எது தெளிவாகவும் மாறாமலும் இருக்கிறது என்பதற்கே எடை அதிகம்.

நம் ஓட்டுநர் தொலைபேசியில் சொல்கிறார்: "ஐ ஸ்டாப், ஹி பேங் மை பேக். ஐ நெவர் கோஸ்தான்."

மலேசியத் தமிழர் எவருக்கும் இது உடனே புரியும். மெல்பர்னில் தொலைபேசியை எடுத்தவருக்குப் புரியாது. 'கோஸ்தான்' என்ற சொல்லே அவருக்குத் தெரியாது; அது தெரியாத சொல் என்பதால் என்னவென்று கேட்டுவிடுவார். உண்மையான ஆபத்து அவருக்குத் தெரிந்த சொற்களில் இருக்கிறது. 'ஸ்டாப்', 'பேக்', 'யெஸ்' ஆகிய மூன்றையும் அவர் கேள்வி கேட்காமல் தாம் புரிந்துகொண்டபடியே எழுதிக்கொள்வார்.

முதலில் 'ஸ்டாப்'. தமிழில் 'நிறுத்தினேன்' வேறு, 'நின்றுகொண்டிருந்தேன்' வேறு. "ஐ ஸ்டாப், ஹி பேங்" என்பதை, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று பிரேக் போட்டார், உடனே பின்னால் இடி விழுந்தது என்றும் எடுத்துக்கொள்ள முடியும். எதிர்த்தரப்பு "அவர் சட்டென்று நிறுத்தினார்" என்று வாதாட அது இடம் கொடுக்கும். சொல்ல வேண்டியது "மை டாக்சி வாஸ் நாட் மூவிங்" என்பது. கூடவே எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்பதையும் சேர்த்துவிட வேண்டும்: சிவப்பு விளக்கு, ஐந்து விநாடி, கால் பிரேக்கில்.

அடுத்து 'பேக்'. "ஹி பேங் மை பேக்" என்றால் ஆங்கிலத்தில் 'என் முதுகில் அடித்தார்' என்றும் பொருள்படும். கேட்பவர் முதுகு வலிக்கிறதா, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று விசாரணையை வேறு பக்கம் கொண்டுபோவார். விக்டோரியாவில் சாலை விபத்துக் காயங்களை டி.ஏ.சி. எனப்படும் போக்குவரத்து விபத்து ஆணையம் கவனிக்கிறது. வண்டிச் சேதத்தைக் காப்புறுதி நிறுவனம் கவனிக்கிறது. இரண்டும் தனித்தனி வழிகள். முதலில் காயம் என்று பதிவாகி, பிறகு காயமில்லை என்று திருத்தினால், பேச்சை மாற்றுகிறார் என்ற எண்ணம் வரும். அதனால் வண்டியின் பாகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்: "ரியர் பம்பர், பாசெஞ்சர் சைட்". இடது, வலது என்றால் யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்ற குழப்பம் வரும். ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம் என்றால் வராது.

மூன்றாவது சொல்தான் மிக மோசமானது. நிறுவன ஊழியர் கேட்கிறார்: "ஸோ யூ டிடின்ட் ரிவர்ஸ்?" நம்மவர் "யெஸ்" என்கிறார். "நீங்க பின்னால எடுக்கலையே?" என்று தமிழில் கேட்டால் "ஆமாம், எடுக்கல" என்றுதானே பதில் சொல்வோம்? அந்த 'ஆமாம்'தான் 'யெஸ்' ஆக வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட கேள்விக்கு எடுக்கவில்லை என்றால் 'நோ' என்பதே வழக்கமான பதில். வெறும் 'யெஸ்', பின்வாங்கியதை ஒப்புக்கொண்டதாகவே பதிவாகலாம். எதிர்த்தரப்பு சொன்ன கதைக்கு நம்மவர் வாயாலேயே ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

அப்படி ஆனால் இழப்பு சிறியதல்ல. தவறு தம்முடையதல்ல என்று ஏற்கப்பட்டு, இடித்தவரின் விவரமும் கையில் இருந்தால், பல காப்புறுதித் திட்டங்களில் ஓட்டுநர் தம் பங்காகக் கட்ட வேண்டிய 'எக்சஸ்' தொகை தள்ளுபடியாகும். தவறு அவருடையது என்றாகிவிட்டால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். அந்தக் காரைப் பழுதுபார்க்கும் செலவும் அவருடைய காப்புறுதியில் ஏறும். டாக்சி பட்டறையில் நிற்கும் நாட்களில் வருமானமும் இருக்காது.

இதற்குத் தீர்வு எளிது. 'இல்லை' வரும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: "ஐ டிட் நாட் ரிவர்ஸ்."

தொலைபேசியை எடுப்பதற்கு முன், நடந்ததைத் தமிழில் ஐந்தாறு வரியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எங்கே, எப்போது, வண்டி நின்றதா ஓடியதா, எவ்வளவு நேரம், மற்ற வண்டி எங்கிருந்து வந்தது, எந்தப் பாகத்தில் பட்டது, யாருக்காவது காயமா என்ற வரிசையில் எழுதினால் போதும். படிவத்தில் எழுதினாலும் தொலைபேசியில் சொன்னாலும் இதே வரிசையை வைத்துக்கொண்டால் பேச்சு மாறாது.

ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நிறுவனத்திடமே கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் பொதுக் காப்புறுதி நடைமுறைக் கோவையை ஏற்ற நிறுவனங்கள், இயன்றவரை அந்த ஏற்பாட்டைச் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. அரசாங்கத்தின் டி.ஐ.எஸ். நேஷனல் மொழிபெயர்ப்புச் சேவையிலும் தமிழ் உண்டு. அதன் எண் 131 450. வீட்டுப் பிள்ளையைப் பேசச் சொல்வதைவிட இது பாதுகாப்பானது. அப்பாவுக்கு உதவுவதாக நினைத்துப் பிள்ளை தானே இரண்டு வரி சேர்த்துவிடும். மொழிபெயர்ப்பாளர் சொன்னதை மட்டும் சொல்வார்.

அவரிடமும் ஒரு கவனம் வேண்டும். மறுமுனையில் இருப்பவர் யாழ்ப்பாணத்தவராகவோ சென்னைக்காரராகவோ இருக்கலாம். 'கோஸ்தான்', 'லங்கார்' என்பவை அவருக்கும் புதுச் சொற்கள். 'பின்னால் எடுத்தேன்', 'இடித்தான்' என்றே சொல்ல வேண்டும்.

பேச்சை முடிக்கும் முன் ஊழியரிடம், "ப்ளீஸ் ரீட் இட் பேக் டு மி" என்று கேட்க வேண்டும். அவர் எழுதியதைப் படித்துக் காட்டும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். டாக்சி நகராமல் நின்றது என்று இருக்கிறதா? பின்னால் எடுக்கவில்லை என்று இருக்கிறதா? இல்லையென்றால் அப்போதே திருத்தச் சொல்லி, க்ளைம் எண்ணை வாங்கிக்கொண்ட பிறகுதான் தொலைபேசியை வைக்க வேண்டும்.