நோயும் நோயின் போக்கும்

திருச்சிராப்பள்ளியின் தில்லைநகர், குறுக்குத் தெருக்களில் மருத்துவமனைகள் நிறைந்த பகுதி. அங்குள்ள மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் நிகழும் உரையாடலைக் கற்பனை செய்து பார்ப்போம். அருகிலுள்ள உறையூரைச் சேர்ந்த கைத்தறி நெசவாளர் ஒருவர், காலையில் கண்விழித்தபோது வலக்கையும் வலக்காலும் செயலிழந்த நிலையில் இருந்தார், பேச்சும் குழறியது. மாலையில் மருத்துவர் வெளியே வந்ததும் அவருடைய மகள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்.

“டாக்டர், அப்பாவுக்கு என்ன நோய்? கை மறுபடியும் வருமா? வராது என்றால் தறியை விற்றுவிட வேண்டியதுதான். வாங்குவதற்கு ஒருவர் காத்திருக்கிறார்.”

ஒரே மூச்சில் கேட்கப்பட்டாலும் இவை இருவேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை தருவது நோயறிதல். இரண்டாவதற்கு விடை தேடுவது நோய்ப்போக்குக் கணிப்பு.

இன்று என்ன நிகழ்ந்துள்ளது?

“உங்கள் முதல் கேள்விக்கு இப்போதே விடை சொல்லலாம் அம்மா” என்கிறார் மருத்துவர். “மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது, பெரும்பாலோர்க்குப் பேச்சையும் அதுவே ஆள்கிறது. ஆகவே பாதிப்பு இடப்பக்கம் என்பது பார்த்தவுடனே புரிந்தது. அது இரத்தக்குழாய் அடைப்பா, இரத்தக்கசிவா என்பதை அறியவே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கசிவு என்றால் படத்தில் வெண்மையாகத் தெரியும், அது இல்லை. அடைப்பு தொடக்கத்தில் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அதனால் எம்.ஆர்.ஐ. எடுத்து அடைப்பினால்தான் என்று உறுதி செய்தோம்.”

இவ்வேறுபாடு சிகிச்சையையே மாற்றுவது. அடைப்புக்குத் தரும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கசிவு உள்ளவர்க்குக் கேடு விளைவிக்கும். நோயறிதல் நிகழ்காலத்தைப் பற்றியது. அறிகுறியும் சோதனையும் அதற்குச் சான்றாகின்றன.

நாளை எவ்வாறு அமையும்?

“இரண்டாவது கேள்விக்கு இன்று விடை சொன்னால் அது ஊகமாகிவிடும். நாளை மறுநாள் காலை இரண்டு சிறிய சோதனைகளைச் செய்வேன். தோளைப் பக்கவாட்டில் விலக்க முயலும்போது தசை அசைவது கண்ணுக்குத் தெரிகிறதா? மடங்கிய விரல்களைச் சிறிதேனும் தாமாக நீட்டுகிறாரா? அதுவரை பொறுங்கள்.”

இவ்விரண்டு அசைவுகளை மட்டும் மருத்துவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு இறங்கும் நரம்புப் பாதையில் சில இழைகளேனும் எஞ்சியிருந்தால்தான் விரல் நீளும். நெதர்லாந்தில் 188 நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. நோய் தாக்கிய 72 மணி நேரத்திற்குள் இரண்டு அசைவுகளும் காணப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் கையை ஓரளவு பயன்படுத்துவதற்கான வாய்ப்பு 98 விழுக்காடு. இரண்டும் காணப்படாதவர்களுக்கு 25 விழுக்காடு. ஒன்பதாம் நாளிலும் காணப்படாவிட்டால் அது 14 ஆகக் குறைந்தது.

இங்கே நோய் மாறவில்லை. அதன் பெயரும் மாறவில்லை. நாள்கள் செல்லச் செல்லக் கணிப்புதான் மாறுகிறது.

கணிப்பின் எல்லை

மூன்றாம் நாள் காலை நெசவாளரின் தோள் அசைந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிறிது நீண்டன. மகள் மகிழ்ந்து, “அப்படியென்றால் அப்பா நெய்வார் அல்லவா?” என்கிறார்.

“அவசரப்படாதீர்கள் அம்மா. அந்த ஆய்வு சொல்வது ஒரு பொருளைப் பற்றி எடுக்கும் அளவுக்கேனும் கை உதவும் என்பதைத்தான். நாடாவைத் தட்டி, அறுந்த இழையை முடிச்சிடும் விரல்நுட்பம் அதைவிடப் பெரிது. அதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை. மேலும் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் கை உதவும் என்றால், உதவாத இருவரில் உங்கள் தந்தை இல்லை என்று யாராலும் உறுதி கூற இயலாது. நேற்று விரல் அசையாமல் இருந்திருந்தாலும் கை வராது என்று சொல்லியிருக்க மாட்டேன். நால்வரில் ஒருவருக்கு அப்போதும் வாய்ப்பு உண்டு.”

ஆகவே நோய்ப்போக்குக் கணிப்பைக் கேட்கும் உறவினர் மூன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எந்த விளைவைப் பற்றிய கணிப்பு? எவ்வளவு காலத்திற்குள்? எவ்வளவு வாய்ப்பு? இவற்றுள் ஒன்று விடுபட்டாலும், “குணமாகிவிடும்” என்னும் ஒரு சொல்லை மருத்துவர் ஒரு பொருளிலும் உறவினர் வேறொரு பொருளிலும் கொள்வர்.

மகள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்:

“தறியை என்ன செய்வது டாக்டர்?”

“இன்றே உடற்பயிற்சி சிகிச்சையைத் தொடங்குகிறோம். கை மீள்வது முதல் மூன்று மாதங்களில்தான் பெரும்பாலும் நிகழும். மூன்று மாதம் கழித்து அவர் விரல்களைப் பார்த்துப் பேசுவோம். அதுவரை விற்காதீர்கள்.”

தறியை வாங்கக் காத்திருப்பவரிடம் என்ன சொல்வது என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடிக்கு நடக்கிறார்.